எண்ணாயிரவர் கதையும் இணையமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி, மேல்நிலை மாணவர்க்காக நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணம் பற்றி இணையத்தில் தேடும் மாணவர் எவரும் முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ஒரு செய்தியைக் கண்டுவிடுவர். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்பதே அது. சில பக்கங்கள் அதனைச் சைவத்தின் வெற்றியாகப் போற்றும். சில பக்கங்கள் அதனை மாபெரும் இனப்படுகொலை என்று கண்ணீரோடு எழுதும். வேறு சில, அரசியல் வாதத்திற்குக் கருவியாக அதனை எடுத்தாளும். இவை யாவும் தம்முள் பகைகொண்டவை. எனினும் ஒரு பொருளில் ஒன்றுபடுகின்றன. நிகழ்ச்சி உண்மையா என்னும் வினாவை எவரும் எழுப்புவதில்லை. ஒரு சமயச் செய்தியை எவ்வாறு ஆராய்ந்து கொள்வது என்பதற்கு இதனினும் தக்க பயிற்சி கிடைப்பதரிது. ஆகவே இவ்வுரை இந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனை அடிமுதல் நுனிவரை ஆராயும் முறையைக் கூறுகிறது.

முதல்நூல் எது?

நன்னூலைத் தந்த பவணந்தி முனிவர் சமணச் சான்றோர். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்துக் காட்டும் அவருடைய நூலை மாணவர் பள்ளியிலேயே பயில்கின்றனர். அப்பகுப்பை இலக்கணத் தேர்வோடு விட்டுவிடாமல் இணையப் பக்கங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் உள்ள செய்தி எந்த வழிநூலிலிருந்து வந்தது, அந்த வழிநூல் எந்த முதல்நூலைச் சார்ந்தது என்று பின்னோக்கிச் செல்வதே முதற்பணி.

எண்ணாயிரவர் செய்தியைப் பின்தொடர்ந்து செல்வோர் பெரும்பாலும் பெரியபுராணத்தை அடைவர். சேக்கிழார் பாடிய அந்நூலில் திருஞானசம்பந்தர் வரலாறு மிக விரிவாக அமைந்துள்ளது. சமணம் சார்ந்திருந்த பாண்டியனின் வெப்புநோய், தீயில் ஏடு இடும் அனல்வாதம், வைகையில் ஏடு விடும் புனல்வாதம், தோற்றவர் கழுவேறுவர் என்னும் உடன்பாடு, முடிவில் எண்ணாயிரவர் கழுவேறியமை ஆகிய யாவும் அங்கு உள்ளன. தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு அமைச்சர் குலச்சிறையாரிடம் விடப்பட்டது என்றும் அந்நூல் கூறுகிறது.

இனி மாணவர் கேட்கவேண்டிய வினா காலத்தைப் பற்றியது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலமாகிய பன்னிரண்டாம் நூற்றாண்டினர். நிகழ்ச்சிக்கும் அதை விரித்துரைக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள் உள்ளன. சேக்கிழாருக்கு முற்பட்ட நம்பியாண்டார் நம்பியும் கழுவேற்றத்தைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவரும் சம்பந்தருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவரே.

அவ்வாறாயின் ஏழாம் நூற்றாண்டிலேயே எழுந்த சான்று ஏதேனும் உண்டா? உண்டு. சம்பந்தருடைய தேவாரப் பதிகங்களே அவை. அவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளிலும் எவரும் படிக்கலாம். படிப்போர் இரண்டு உண்மைகளைக் காண்பர். ஒன்று, சமணரையும் பௌத்தரையும் சம்பந்தர் மிகக் கடுமையாகப் பழிக்கிறார்; பெரும்பாலான பதிகங்களின் பத்தாம் பாடல் அதற்கென்றே அமைந்துள்ளது. பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரையும் குலச்சிறையாரையும் பெயர்சொல்லிப் புகழும் பதிகமும் உண்டு. மற்றொன்று, கழுவேற்றம் நிகழ்ந்ததாக அவர் எங்கும் பாடவில்லை. அவருக்குப் பின்வந்த சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் நெடுமாற பாண்டியனைப் போற்றும்போது நெல்வேலிப் போர் வெற்றியைக் குறிப்பிடுகிறாரேயன்றிக் கழுவேற்றத்தைக் குறிப்பிடவில்லை.

எனவே சமயப் பூசல் இருந்தது என்பதற்கு அக்காலச் சான்று உண்டு. கழுவேற்றம் நடந்தது என்பதற்கு அக்காலச் சான்று இல்லை. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் இணையப் பக்கம் நம்பத்தகுந்ததாக இருக்கக்கூடும். இரண்டையும் குழைத்து ஒன்றாக்கும் பக்கத்தை ஐயத்துடனேயே நோக்கவேண்டும்.

மறைந்துபோகும் வினைச்சொல்

தமிழ் பயிலும் மாணவர்க்கு எளிதில் புலப்படும் அடையாளம் ஒன்று உண்டு. பின்வரும் மூன்று தொடர்களையும் ஒப்பிட்டு நோக்குக.

“எண்ணாயிரவர் கழுவேறினர் என்று பெரியபுராணம் கூறுகிறது.”

“எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்று கூறப்படுகிறது.”

“எண்ணாயிரம் சமணர் கழுவேற்றிக் கொல்லப்பட்டனர்.”

முதல் தொடரில் சொன்னவர் யார் என்பது தெரிகிறது. இரண்டாவதில் சொன்னவர் மறைந்து, சொல்லப்பட்டது என்பது மட்டும் எஞ்சுகிறது. மூன்றாவதில் அதுவும் நீங்கிவிட, பழைய நூலின் கூற்று இன்றைய எழுத்தாளரின் உறுதிமொழியாக மாறிவிடுகிறது. மேலும், முதல் தொடரில் உள்ள ‘ஏறினர்’ என்னும் தன்வினை, பின்னவற்றில் செயப்பாட்டு வினையாயிற்று. சேக்கிழார் கதையில் தம் உடன்பாட்டின்படி ஏறியோர், இணையக் கதையில் பிறரால் ஏற்றப்பட்டோர் ஆகின்றனர். எது உண்மை என்பது வேறு வினா. நூலில் உள்ளது ஒன்று, அந்நூலின் பெயரால் பரவுவது மற்றொன்று என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒரு பக்கத்தைப் படிக்கும் மாணவர் ஒவ்வொரு தொடரின் இறுதியிலும் ‘என்று சொன்னவர் யார்?’ என்று கேட்டுப் பழகுவாராயின், பாதி ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும்.

பத்துப் பக்கம் பத்துச் சாட்சி ஆகா

‘இத்தனை பக்கங்கள் சொல்கின்றனவே, பொய்யாகுமா?’ என்பது மாணவர் பலர் கேட்கும் கேள்வி. நீதிமன்றத்தில் பத்துப் பேர் வந்து, பதின்மரும் ‘இன்னார் சொல்லக் கேட்டேன்’ என்று ஒரே ஆளைச் சுட்டினால், சாட்சி ஒன்றேயாம். இணையத்திலும் அவ்வாறே.

இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்தில் உள்ள ஒரு தனித்தன்மையான தொடரை, முடிந்தால் ஓர் எழுத்துப்பிழையோடு கூடிய தொடரை, அப்படியே படியெடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடவேண்டும். அதே தொடர் அதே பிழையோடு பல இடங்களில் வருமாயின், அவை யாவும் ஒரே மூலத்தின் படிகள். விக்கிப்பீடியா கட்டுரையாயின், அடிக்குறிப்பு எண்களைச் சொடுக்கி ஒவ்வொன்றும் எங்கே செல்கிறது என்று பார்க்கவேண்டும். பத்து அடிக்குறிப்புகளும் இறுதியில் பெரியபுராணத்தையே சென்று சேருமாயின், அங்கும் சாட்சி ஒன்றே. அக்கட்டுரையின் உரையாடல் பக்கத்தையும் திருத்த வரலாற்றையும் திறந்து பார்த்தால், எந்த வரிக்காக யார் யாரோடு வாதிட்டனர் என்பதும் தெரியவரும்.

படங்களுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். கழுமரக் காட்சி தீட்டிய கோயில் ஓவியங்களின் படங்கள், கீழே ஒரு குறிப்பும் இன்றி இணையத்தில் உலவுகின்றன. மதுரைக் கோயிலின் பொற்றாமரைக் குளத்தருகிலும் ஆவுடையார்கோயிலிலும் அத்தகைய ஓவியங்கள் உண்டு. அவை நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்தவை. தீட்டப்பட்ட காலத்து மக்கள் இக்கதையை நம்பினர் என்பதற்கு அவை நல்ல சான்று. ஏழாம் நூற்றாண்டில் நடந்தது என்ன என்பதற்குச் சான்றாகா.

ஊர்ப்பெயர் விளக்கங்களும் இவ்வாறே. மதுரையை அடுத்த சாமநத்தம் என்னும் ஊர்ப்பெயரைச் ‘சமணர் இரத்தம்’ என்று பிரித்து, அதனையே சான்றாகக் காட்டுவோர் உளர். நத்தம் என்பது குடியிருப்பைக் குறிக்கும் சொல். தமிழகமெங்கும் எத்தனையோ ஊர்ப்பெயர்களில் அது வருகிறது. கதை முன்னரே மனத்தில் இருந்தமையால் பெயர் பின்னர்ப் பிரிக்கப்பட்டது என்று கொள்வதே இயல்பு.

எண்ணை ஆராய்தல்

சமயக் கதைகளில் வரும் எண்களை மாணவர் தனியே எடுத்து நோக்கவேண்டும். ‘எண்ணாயிரம்’ என்பது எங்கிருந்து வந்தது? பெரியபுராணம் எண்ணாயிரவரை எண்பெருங்குன்றத்தோடு இணைத்துச் சொல்கிறது. எண்பெருங்குன்றம் என்பன மதுரையைச் சூழ்ந்து சமண முனிவர் உறைந்த எட்டு மலைகள். மலைக்கு ஆயிரவர் என எட்டு மலைக்கும் எண்ணாயிரவர்! தலைகளை எண்ணிக் கிடைத்த தொகையாக இது தோன்றவில்லை. மலைகளை எண்ணிக் கிடைத்த தொகையாகவே தோன்றுகிறது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நாலடியார் தோன்றிய கதையை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். பஞ்சத்தால் பாண்டிய நாட்டிற்கு வந்த சமண முனிவர் எண்ணாயிரவர், நாடு திரும்பும்போது ஆளுக்கு ஒரு வெண்பா எழுதி வைத்துச் சென்றனர். அரசன் ஏடுகளை வைகையில் எறிவித்தான். நானூறு ஏடுகள் நீரோட்டத்தை எதிர்த்து வந்தன என்பது கதை. மதுரை, பாண்டியன், எண்ணாயிரம் சமணர், வைகை, எதிரேறும் ஏடு என்னும் அத்தனை உறுப்புகளும் புனல்வாதக் கதையிலும் உள்ளன. ஒன்றில் எதிரேறிய ஏடு சமணருடையது, மற்றொன்றில் சம்பந்தருடையது. எது எதனைப் பார்த்து அமைந்தது என்று இன்று துணிய இயலாது. எனினும், ஒரே எண்ணும் ஒரே அற்புதமும் இரண்டு மரபுகளில் மாறி மாறி வருமாயின், அங்கே பேசுவது கணக்கு அன்று, கதைமரபு என்பதை மாணவர் உணரலாம்.

கல் சொல்லும் செய்தி

நூல்களுக்கு வெளியே சான்று தேடுவது அடுத்த படி. கல்வெட்டுகள் இங்குப் பெருந்துணை செய்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுச் சமணர் கூண்டோடு அழிக்கப்பட்டனர் என்றால், எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே சமணச் சான்றுகள் அருகியிருத்தல் வேண்டும். உள்ளபடி யாது?

கழுகுமலையில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அவர்களுள் குரத்தியர் எனப்பெறும் பெண்பால் ஆசிரியர்களும் உண்டு. சித்தன்னவாசல் குகைக்கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தது ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில். பழனிக்கு அருகில் உள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கி 505 காணம் பொன் அளித்தார் என்று கல்வெட்டு உரைக்கிறது. மதுரையின் அருகே கீழக்குயில்குடிச் சமணர்மலையில் அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் பெயர் இன்றும் கல்லில் நிற்கிறது.

இச்சான்றுகள் எதை நிறுவுகின்றன, எதை நிறுவவில்லை என்று அளந்து கூறுவதில்தான் மாணவரின் நேர்மை விளங்கும். சமணம் ஒரே நாளில் வேரறுக்கப்பட்டது என்னும் கூற்றை இவை மறுக்கின்றன. ஆனால், ஏழாம் நூற்றாண்டில் எவரும் கொல்லப்படவில்லை என்று இவை நிறுவவில்லை. கல்வெட்டு கொடையைச் சொல்லும். கொலையைச் சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை. பழைய சமண நூல்களில் இந்நிகழ்ச்சி காணப்படாமை குறிக்கத்தக்கதே. எனினும் அழிந்துபோன சமண நூல்கள் பல என்பதையும் மறத்தலாகாது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி கழுவேற்றத்தை வரலாறாகக் கொள்ளாமல் கட்டுக்கதை என்றே கருதினார். எண்ணிக்கை கற்பனையே ஆயினும் அதன் அடியில் ஏதோ ஒரு வன்செயலின் நினைவு இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ‘ஐயமின்றி நடந்தது’ என்று எழுதும் பக்கமும் ‘ஐயமின்றி நடக்கவில்லை’ என்று எழுதும் பக்கமும் சான்றைக் கடந்து பேசுகின்றன.

நாள் பார்த்தல்

கழுவேற்றக் கதையிலிருந்து சற்று விலகி, அண்மைச் செய்தி ஒன்றையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். சல்லேகனை நோன்பு சட்டப்படி குற்றம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதாகச் செய்தித் துணுக்குகள் இன்றும் கைப்பேசிகளில் சுற்றி வருகின்றன. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது உண்மை. நாள் 2015 ஆகஸ்டு 10. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் உண்மை; நாள் 2015 ஆகஸ்டு 31. இடைப்பட்ட மூன்று வாரங்களில் எழுதப்பெற்ற பக்கங்கள் எழுதிய நாளில் பொய்யல்ல. ஆயினும் இன்று அவற்றை மட்டும் படிப்பவர் தவறான முடிவையே அடைவர். செய்தியின் நாளைக் கண்டு, அதற்குப் பின் நடந்தது யாது என்று மேலும் ஒருமுறை தேடுதல் இன்றியமையாதது.

தன் பக்கச் சாய்வு

பிறர் எழுதும் பக்கத்தின் சாய்வைக் காண்பது எளிது. படிப்பவரின் மனச்சாய்வைக் காண்பதே கடினம். எண்ணாயிரவர் கதையைப் படிக்கும் சமண மாணவர்க்கு அது முன்னோரின் துயரமாகத் தோன்றும். அத்துயரமே அவரைச் சான்று கேளாமல் நம்பச் செய்யும். இதற்கு ஒரு மாற்றுச் சோதனை உண்டு.

காஞ்சியில் அரசன் இமசீதளன் அவையில் அகளங்கர் பௌத்தரோடு வாதிட்டு வென்றார் என்பது தமிழ்ச் சமணர் போற்றும் மரபு. கரந்தை, திருப்பறம்பூர் வட்டாரத்தில் அவர் நினைவு இன்றும் வாழ்கிறது. தோற்றவர் செக்கிலிடப்படுவர் என்பது அவ்வாதத்தின் உடன்பாடு என்றும், வென்றபின் அத்தண்டனை நீக்கப்பட்டுப் பௌத்தர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர் என்றும் கதை வழங்குகிறது. அரசன் அவை, சமய வாதம், உயிரைப் பணயம் வைத்த உடன்பாடு, தோற்றவரின் வீழ்ச்சி ஆகிய கட்டமைப்பு மதுரைக் கதையின் கட்டமைப்பேயாகும். இப்போது மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: காஞ்சிக் கதையை ‘மரபுச் செய்தி’ என்று மென்மையாகக் கூறிவிட்டு, மதுரைக் கதையை மட்டும் ‘வரலாற்றுக் கொடுமை’ என்று எழுதலாமா? அல்லது காஞ்சி வெற்றியை வரலாறு என்று கொண்டாடிவிட்டு, மதுரைத் தோல்வியை மட்டும் கட்டுக்கதை என்று தள்ளலாமா? இரண்டுக்கும் ஒரே தராசு வேண்டும். தராசு மாறுமானால், சாய்வு பக்கத்தில் இல்லை, படிப்பவரிடத்தில் உள்ளது.

மாணவர் கைக்குறிப்பு

ஒரு சமயச் செய்தியை இணையத்தில் கண்டதும் கேட்கவேண்டிய வினாக்கள்:

1. இதனை முதலில் சொன்ன நூல் எது? நிகழ்ச்சிக்கும் அந்நூலுக்கும் இடைவெளி எத்தனை ஆண்டு?
2. தொடரின் இறுதியில் சொன்னவர் பெயர் உள்ளதா, மறைந்துள்ளதா?
3. வேறு பக்கங்கள் தனிச் சாட்சிகளா, ஒரே மூலத்தின் படிகளா?
4. நூலுக்கு வெளியே கல்வெட்டு முதலிய சான்று உண்டா? அது எவ்வளவு தூரம் செல்லும்?
5. எழுதிய நாள் எது? பின்னர் மாற்றம் உண்டா?
6. இதே செய்தி பிற சமயத்தாரைப் பற்றியதாயின் இதே முடிவைக் கொள்ள இயலுமா?

இவ்வினாக்களைக் கடந்து வந்த மாணவர் எண்ணாயிரவர் பற்றித் தம் கட்டுரையில் இவ்வாறு எழுதுவார்:

“ஏழாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் சைவர்க்கும் சமணர்க்கும் கடும்பூசல் இருந்தமையைத் தேவாரம் காட்டுகிறது. எண்ணாயிரவர் கழுவேறினர் என்னும் செய்தி சில நூற்றாண்டுகள் பிற்பட்ட சைவ நூல்களில் காணப்படுகிறது. அக்காலச் சான்று கிடைக்கவில்லை. எண்ணிக்கை மரபுவழிப்பட்டதாகத் தோன்றுகிறது. அதன் பின்னரும் 200 ஆண்டுகள் அந்நாட்டில் சமணம் சிறப்புற்றிருந்ததைக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன.”

இந்த ஐந்து தொடர்களும் கைதட்டலைப் பெறா, பகையையும் மூட்டா. ஆயினும் இவற்றுள் ஒரு சொல்லையேனும் சைவ நண்பர் எதிரிலோ, சமணப் பெரியவர் எதிரிலோ, வரலாற்று ஆசிரியர் எதிரிலோ திரும்பப் பெறவேண்டிய நிலை அம்மாணவர்க்கு நேராது.